புத்தகத்துக்கு வரி கிடையாது, ஆனா 44 பவுண்ட் 80 பென்ஸ் கட்டினேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருந்து எழுதுறேன். வாராவாரம் சனிக்கிழமை நாங்க சில பேர் சேர்ந்து பிள்ளைங்களுக்கு தமிழ் வகுப்பு நடத்துறோம், அதுக்கு வேணும்னு மெட்ராஸ்ல ஒரு பதிப்பகத்துல இருந்து கதைப் புத்தகம், படப் புத்தகம் எல்லாம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரவழைப்போம். உங்க பத்திரிகையை பதிப்பகக்காரங்க நிறைய பேர் படிக்கிறாங்க, புத்தகக் கடைல பார்சல் கட்டுற தம்பிங்களும் படிப்பாங்க, அவங்க கண்ணுல படணும்னுதான் இந்தக் கடிதம்.

போன தடவை வாசல்ல ஒரு கார்டு கிடந்துச்சு. உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு பார்சல் வந்திருக்கு, 44 பவுண்ட் 80 பென்ஸ் கட்டினாதான் கொடுப்போம், இத்தனை நாளைக்குள்ள கட்டலேன்னா திருப்பி அனுப்பிடுவோம்னு போட்டிருந்தது. நம்ம காசுக்கு அஞ்சாயிரத்துக்கு மேல. புத்தகத்தோட விலையே 11,500 ரூபாய்தான், அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா வரின்னு கேட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது.

முதல்ல இது ஏமாத்து வேலையோன்னுதான் நினைச்சேன், ஏன்னா இங்க "உங்க பார்சலுக்கு 1.99 பவுண்ட் பாக்கி இருக்கு, இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு பொய் மெசேஜ் போன்ல வந்துகிட்டே இருக்கும், எங்க வகுப்புல ஒரு அம்மா அப்படித்தான் பேங்க் கார்டு நம்பரைப் போட்டு பணத்தை விட்டாங்க. அதனால மெசேஜ்ல வர்ற லிங்க்கைத் தொடவே தொடாதீங்க. தபால்காரர் வாசல்ல போட்ட கார்டு கைல இருந்தா அதுல இருக்கிற நம்பரை எடுத்துகிட்டு, தபால்காரங்க வெப்சைட்டை நீங்களே டைப் பண்ணி உள்ள போய் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. நான் அப்படித்தான் பார்த்தேன், நிஜமாவே எங்க பார்சல்தான். வகுப்பு ஆரம்பிக்க ரெண்டு வாரம்தான் இருந்தது, வேற வழியில்லாம கட்டி வாங்கிட்டேன்.

பெட்டி வந்ததும் பிரிக்கிறதுக்கு முன்னாடி மேல ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அதுல மூணு தொகை தனித்தனியா இருந்துச்சு: சுங்க வரி 4 பவுண்ட், வாட் வரி 32.80, தபால்காரங்களோட ஹேண்ட்லிங் சார்ஜ் 8. அந்த முதல் தொகையைப் பார்த்ததுமே எனக்கு தெரிஞ்சுபோச்சு எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு. ஏன்னா பிரிட்டன்ல அச்சடிச்ச புத்தகத்துக்கு சுங்க வரியே கிடையாது, வாட் வரியும் சைபர். தமிழ்ப் புத்தகமா இருந்தாலும் சரி, பிள்ளைங்க படப் புத்தகமா இருந்தாலும் சரி. புத்தகம் மட்டும் இருக்கிற பெட்டி மேல சுங்க வரின்னு ஒரு தொகை ஏறியிருந்தா, அந்தப் பெட்டியை அவங்க புத்தகமாவே பார்க்கலைன்னு அர்த்தம்.

ஏன் பார்க்கலைன்னா, பக்கத்துலயே ஒட்டியிருந்த CN23 ஃபார்ம்ல காரணம் இருந்துச்சு. வெளிநாட்டுப் பார்சல் மேல ஒட்டுற சுங்க ஃபார்ம்தான் அது, உள்ள என்ன இருக்கு, என்ன விலை, வித்ததா அன்பளிப்பா எல்லாம் அனுப்புறவங்க அதுல எழுதணும். எங்க ஃபார்ம்ல Gift கட்டத்துல டிக் போட்டிருந்தது. பொருள் விவரத்துல Gift items அப்படின்னு ரெண்டே வார்த்தை. விலை 18,400 ரூபாய். புத்தகம்ங்கிற வார்த்தை எங்கயும் இல்ல.

உடனே பதிப்பகத்துக்கு போன் போட்டேன். அந்தத் தம்பி பாவம், "அக்கா, கிஃப்ட்னு போட்டா டாக்ஸ் வராதுக்கா, நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம்"னு சொன்னாரு. நல்லெண்ணத்துலதான் செஞ்சிருக்காரு, எனக்கு அவர் மேல கோபமே இல்ல. ஆனா அந்த நல்லெண்ணம்தான் எனக்கு செலவு வெச்சது, அது எப்படின்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

இங்க அன்பளிப்புக்கு வாட் விலக்கு 39 பவுண்ட் வரைக்கும்தான். அதுவும் ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு பிறந்தநாள், கல்யாண நாள்னு அனுப்புறதா இருக்கணும். பதிப்பகம் காசு வாங்கிகிட்டு அனுப்புறது அன்பளிப்பே ஆகாது, அப்படி எழுதுறது தப்பான தகவல். அதை விடுங்க, 39 தாண்டிட்டா அன்பளிப்புக்கும் வாட் உண்டு, 135 பவுண்ட் தாண்டிட்டா 630 வரைக்கும் அன்பளிப்புக்கு 2.5 சதவீதம் சுங்க வரியும் சேரும்.

எங்க புத்தகம் 11,500 ரூபாய், அப்ப இருந்த ரேட்டுக்கு 100 பவுண்ட். தபால் செலவு 6,900, அது 60 பவுண்ட். தம்பி என்ன பண்ணியிருக்காருன்னா, நான் மொத்தமா அனுப்பின 18,400ஐ அப்படியே பொருளோட விலைன்னு எழுதிட்டாரு. 135 பவுண்ட் கணக்குக்கு பொருளோட விலையை மட்டும்தான் பார்ப்பாங்க, தபால் செலவை தனியா காட்டியிருந்தா அது அந்தக் கணக்குல சேராது. தனியா காட்டாததால நூறு பவுண்ட் பெட்டி 160 பவுண்ட் பெட்டி ஆயிடுச்சு, 135ஐ தாண்டிடுச்சு. 160க்கு 2.5 சதவீதம் 4 பவுண்ட். அந்த நாலையும் சேர்த்து 164க்கு 20 சதவீதம் வாட் போட்டா 32.80. அதுக்கு மேல ஹேண்ட்லிங் 8. ஆக மொத்தம் 44.80, கணக்கு பென்ஸ் சுத்தமா சரியா இருந்துச்சு. ஃபார்ம்ல எழுதினதை வெச்சு அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க, எழுதினதுதான் தப்பு.

அந்த ஹேண்ட்லிங் சார்ஜைப் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் அதையும் கவர்மென்ட் வரின்னு நினைக்கிறாங்க. அது வரி இல்ல. சுங்கத்துக்கு உங்க சார்பா தபால்காரங்க வரியைக் கட்டிட்டு அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்றாங்க, அந்த வேலைக்கான கூலி அது. வரி எவ்வளவுன்னு பார்த்து அது ஏறி இறங்கறதில்ல. வரி 2 பவுண்ட்னாலும் எனக்கு அதே 8தான் வந்திருக்கும். தனியார் கூரியர்ல வந்தா இந்தக் கூலி இன்னும் கூடவே இருக்கும்னு எங்க வகுப்பு பெற்றோர் சொல்றாங்க, அதனால கூரியர்ல வரவழைக்கிறவங்க ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே அந்தத் தொகை எவ்வளவுன்னு கேட்டு வெச்சுக்குங்க.

கட்டின வரியைத் திரும்ப வாங்க வழி இருக்கு, இதையும் யாரும் சொல்றதில்ல. தபால்ல வந்த பார்சல்னா BOR286னு ஒரு ஃபார்ம், கூரியர்ல வந்ததுன்னா C285. ரெண்டும் பிரிட்டன் அரசாங்க வெப்சைட்லயே இருக்கு. நான் அந்த BOR286ஐ நிரப்பி, பெட்டி மேல இருந்த வரிச் சீட்டையும் CN23ஐயும் அட்டையோட வெட்டி எடுத்து, பதிப்பகத்து பில், நான் பணம் அனுப்பின பேங்க் ரசீது, பெட்டிக்குள்ள இருந்த புத்தகங்களோட பட்டியல் எல்லாம் வெச்சு அனுப்பினேன். அதனால தயவு செஞ்சு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ரீசைக்கிளிங்ல போட்டுடாதீங்க, அந்தச் சீட்டுதான் சாட்சி. ரெண்டு மாசம் கழிச்சு 36.80 திரும்ப வந்துச்சு. 8 பவுண்ட் வரல. அனுப்பினவங்க எழுதின விவரம் தப்பா இருந்ததால கூலியைத் திருப்ப மாட்டோம்னு பதில் வந்தது. எட்டு பவுண்டுக்கு எங்க வகுப்புக்கு ரெண்டு கதைப் புத்தகம் வாங்கியிருப்பேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

வாங்குறவங்க பார்சலைத் திறக்காம திருப்பி அனுப்பலாமான்னு கேப்பீங்க, அனுப்பலாம்தான். ஆனா தபால் செலவு 60 பவுண்ட் போனது போனதுதான். அதனால தப்பு நடக்காம பார்க்க வேண்டிய இடம் லண்டன் வாசல் இல்ல, மெட்ராஸ் தபால் ஆபீஸ் கவுண்டர். அங்க கம்ப்யூட்டர்ல டைப் பண்ற விவரம் பார்சலுக்கு முன்னாடியே இங்க வந்துடுது. கவுண்டர்ல இருக்கிறவங்க அவசரத்துல "கிஃப்ட்"னு அடிச்சா, மேல நீங்க பேனாவால என்ன எழுதினாலும் ரெண்டும் ஒத்துப்போகாம சந்தேகம்தான் வரும்.

அடுத்த தடவை அந்தத் தம்பிகிட்ட போன்ல ஒவ்வொண்ணா சொல்லி எழுத வெச்சேன். விவரத்துல Printed books, அதுக்குப் பக்கத்துல பொருள் குறியீடு 4901. கிஃப்ட் கட்டத்தை விட்டுட்டு Sale of goods கட்டத்துல டிக். விலைல புத்தக விலை மட்டும், தபால் செலவு அதுக்குன்னு இருக்கிற தனி இடத்துல. பில் ஒரு காப்பி பெட்டிக்கு வெளிய பிளாஸ்டிக் கவர்ல, ஒரு காப்பி உள்ள. இவ்வளவுதான். விலையைக் குறைச்சு எழுதுங்கன்னு நான் கேக்கவே இல்ல, கேக்கவும் கூடாது. பெட்டி தொலைஞ்சா நஷ்டஈடுகூட அந்த விலைக்குத்தான் கேக்க முடியும், அதோட புத்தகத்துக்கு வரியே இல்லாதப்ப விலையை மறைக்க என்ன அவசியம்?

இன்னொண்ணு, இது பதிப்பகக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். தை பொறக்கிற சமயத்துல அன்பா ஒரு தினசரி காலண்டரும் டைரியும் இலவசமா உள்ள வெச்சு அனுப்புறீங்க, மனசு நிறையுது, ஆனா இங்க காலண்டர், டைரி ரெண்டுக்கும் 20 சதவீதம் வாட் உண்டு, புத்தகக் கணக்குல அது வராது. கட்டாயம் வெக்கணும்னா CN23ல அதுக்கு தனி லைன் போட்டு அதோட சின்ன விலையை எழுதுங்க, புத்தகத்தோட ஒண்ணா சேர்த்து எழுதினா மொத்தப் பெட்டிக்கும் வரி விழ வாய்ப்பு இருக்கு. எங்களுக்கு மட்டும் கேட்டா, காலண்டர் வேண்டாம்னே சொல்லுவேன். ராசிபலன் பார்க்கிற மாமி வருத்தப்படுவாங்க, ஆனா ஒரு காலண்டருக்காக எட்டு பவுண்ட் கூலி கட்ட முடியாது.

ஜனவரில சென்னை புத்தகக் காட்சி முடிஞ்சதும் வெளிநாட்டுக்கு நிறைய பெட்டி கிளம்பும். அதுக்கு முன்னாடி இதைப் பிரசுரிச்சா உதவியா இருக்கும். நான் சொன்னது பிரிட்டன் கணக்கு மட்டும்தான், மத்த நாட்டுல வரம்பும் வரியும் வேற. ஆனா CN23 ஃபார்ம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான், அதுல "புத்தகம்"னு எழுத வேண்டிய இடமும் ஒண்ணுதான்.

நாங்க சொல்லி எழுத வெச்ச அந்தப் பெட்டி கார்டு எதுவும் இல்லாம, சீட்டு எதுவும் ஒட்டாம, தபால்காரர் கையாலேயே வந்து சேர்ந்துச்சு. 26 புத்தகம், ஒரு மூலைகூட மடங்கல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்