மறைந்ததை மறைந்தது என்றே எழுத விடுங்கள்: பிரதியெடுப்பு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பழைய கடிதங்களின் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள் எழுதுகிறோம். "விரல், கிளிப், டேப் மறைத்த எழுத்துகளைச் சூழலை வைத்து நிரப்புக, அடைப்புக்குறிகள் உள்ள கோப்புகள் ஏற்கப்படா" என்ற உங்கள் புதிய அறிவுறுத்தல் கிடைத்தது. அதைத் திரும்பப் பெறுமாறு கேட்கத்தான் இந்த மடல்.

ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் அண்ணன் பெயரைக்" என்பது வரை தெளிவாக இருக்கிறது. அடுத்த சொல்லில் கொம்பும் ககரமும் தெரிகின்றன. அதன் வலப்பக்கம் கிளிப்பின் கம்பி ஓடுகிறது. கம்பிக்கு அப்பால் "டுத்தான்". கம்பிக்கு அடியில் ஒரு கால் இருந்தால் அண்ணன் பெயரைக் கொடுத்தான், இல்லாவிட்டால் கெடுத்தான். இரண்டுமே வாக்கியத்தில் பிசிறின்றிப் பொருந்துகின்றன. எந்தச் சூழலை வைத்து நிரப்புவது?

இங்கே ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. மறைந்தது முழு எழுத்துகூட இல்லை, எழுத்தின் ஒரு துண்டு. தெரிந்ததை மட்டும் அடித்துவிட்டு நகர்ந்தால் திரையில் "கெடுத்தான்" என்று வந்து நிற்கும். நிரப்பாமல் விட்டதே நிரப்பியதாகிவிடும். அதனால்தான் `கெ[கிளிப்:0-1]டுத்தான்` என்று எழுதுகிறோம்: மறைத்தது எது, அடியில் எத்தனை வடிவம் இருக்க இடமுண்டு என்பது அதிலேயே தெரியும். அந்த அளவையும் கண்போன போக்கில் போடுவதில்லை. ரகரத்துக்கும் ணகரத்துக்கும் அகலம் ஒன்றல்ல. அதே கையெழுத்தில் மேல்வரியில் அந்த இடைவெளிக்குள் எத்தனை எழுத்து அடங்குகிறது என்று பார்த்தே போடுகிறோம்.

ஐகாரம் இன்னும் படுத்தும். "வி" தெரிகிறது, அதையடுத்துத் தனியாக ஐகாரக் கொம்பு தெரிகிறது, மெய் விரலுக்குக் கீழே போய்விட்டது. கையால் எழுதும்போது கொம்பு முன்னால் வரும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால்தான் பதியும். மெய் இல்லாமல் அடித்தால் `◌ை` என்று புள்ளி வட்டம் வரும். அதைப் பார்த்ததும் பிழை என்று பயந்து ஏதோ ஒரு மெய்யைச் செருகி "விலை" ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தனிக்கொம்பு கிடையாது. எழுத்தோடு ஒட்டிய துதிக்கை வடிவம்தான். ஆகவே அந்தக் காலக் கையில் தனிக்கொம்பு தெரிந்தால், அந்தச் சொல் விலையும் இல்லை, வினையும் இல்லை. விதையோ விடையோ வேறெதுவோ. `வி[விரல்:1]◌ை` என்று விட்டிருந்தால் விவரம் தெரிந்த ஒருவர் இதைப் பிடித்துவிடுவார். "விலை" என்று நிரப்பிய கோப்பில் பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

எதனால் மறைந்தது என்று எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. விரலென்றால் பக்கத்துப் படத்திலேயே அந்த இடம் தெரியக்கூடும். இல்லையேல் மறுபடம் போதும். கிளிப்பென்றால் அதைக் கழற்றி எடுக்க வேண்டும். டேப் தாளிலேயே ஒட்டியிருப்பது: பளபளப்பால் மறைந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தால் தெரியலாம்; பழுத்துக் கறுத்திருந்தால் பாதுகாப்பாளரிடம்தான் போக வேண்டும், பிய்க்கக் கூடாது. சொல்லை நிரப்பிவிட்டால் மறுபடம் தேவை என்பதே யாருக்கும் தெரியாது. தாளில் பத்திரமாக இருக்கும் எழுத்துக்கு எங்கள் ஊகம் எதற்கு? கல்வெட்டையும் பாப்பிரஸையும் பதிப்பிப்பவர்கள் 1931இல் லெய்டனில் வகுத்துக்கொண்ட முறையில், அடியோடு அழிந்துபோன எழுத்தைக்கூடச் சதுர அடைப்புக்குள்தான் ஊகித்து எழுதுவார்கள்.

அடைப்புக்குறி இருந்தால் கோப்பு "முடிவடையாதது" என்கிறீர்கள். விழுக்காட்டுக் கணக்கு அழகாக வர வேண்டும் என்பது புரிகிறது. அப்படியானால் படமெடுத்தவரின் கட்டைவிரல் ஐந்து வரிகளின் கடைசியை மூடியிருக்கும் பக்கத்தில், ஐந்து வரிக்கும் நாங்களே முடிவு எழுதித் தருகிறோம். கீழே கையொப்பமும் போட்டுவிடலாம். விரலை விலக்கி எடுக்கச் சொல்ல ஆளில்லை, விரலுக்கு அடியில் இருப்பதைப் படிக்க மட்டும் எங்களுக்கு ஞானக்கண் வேண்டும்.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: மறைந்ததை மறைந்தது என்றே குறிக்க அனுமதியுங்கள். தேடலுக்கு முழுச்சொல் வேண்டுமென்றால் "ஊகம்" என்று தனிக் கட்டம் கொடுங்கள். கொடுத்தான், கெடுத்தான் இரண்டையும் அதில் எழுதுகிறோம். ஏற்கெனவே அடைப்புக்குறிக்காகத் திருப்பி அனுப்பிய கோப்புகளை அப்படியே ஏற்றுக்கொண்டு, அவற்றின் பட எண்களைப் படமெடுக்கும் குழுவுக்கு அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிரதியெடுப்போர்