பெயர் மாறட்டும் ஐயா, நாங்கள் வேலைக்குச் சேர்ந்த திகதி மாறக்கூடாது

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

போன வெள்ளிக்கிழமை பின்நேரம் பொதியிடல் மண்டபத்தில் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினீர்கள். கம்பனியின் பெயர் மாறப்போகிறது என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போகாமல், கம்பனியைத் தொடங்கிய நீங்களே ஹட்டனுக்கு வந்து சொன்னதற்கு நன்றி. காரணமும் எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. இதே பெயரை வெளிநாட்டில் இன்னொருவர் தேயிலைக்கான வர்த்தகக் குறியாக முன்பே பதிந்து வைத்திருக்கிறார். கொழும்பில் கம்பனியைப் பதிந்ததால் மட்டும் அந்த நாட்டில் அந்தப் பெயருக்கு உரிமை வந்துவிடாது, வர்த்தகக் குறி நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பதிய வேண்டியது. நம் பேணிகள் அங்கே கடைக்குப் போக முடியாது என்றால் ஓர்டர் இல்லை, ஓர்டர் இல்லையென்றால் எங்களுக்கும் வேலை இல்லை. இதில் எங்களுக்கு மறுப்பு எதுவும் கிடையாது.

அப்புறம் எவை மாறாது என்று சொன்னீர்கள். தொழிற்சாலை இருக்கும், ஆட்கள் இருப்பார்கள், பேணியில் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருக்கும் என்றீர்கள். 1972இல் நாட்டின் பெயரே மாறியது, ஆனால் நம் தேயிலையை உலகம் இன்றைக்கும் சிலோன் டீ என்றுதான் கேட்டு வாங்குகிறது என்றீர்கள். நாங்கள் மனதாரக் கைதட்டினோம்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் கையில் ஒரு கடிதம் வந்தது. அதனால்தான் இந்த மடலை எழுத வேண்டியதாகிவிட்டது.

அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. மேலே புதிய பெயர் இருக்கிறது, கம்பனிப் பதிவு இலக்கம் இல்லை. வரும் மாதம் முதலாம் திகதி முதல் நாங்கள் 'நியமிக்கப்படுகிறோம்' என்றும், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் என்றும் போட்டிருக்கிறது. இதுவரை செய்த சேவையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கம்பனி தொடங்கிய நாளிலிருந்து தேயிலை கலக்கும் பகுதியில் நிற்கும் அண்ணனுக்கும் அதே ஆறு மாதத் தகுதிகாண் காலம்தான். ஆளணிப் பிரிவில் கேட்டால், "இது சும்மா ஒரு சம்பிரதாயம், கையெழுத்து வையுங்க" என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டுமாம்.

ஐயா, நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வாயால் சொன்னதை உங்கள் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். கம்பனியின் பதிவு இலக்கம் அதேதான், சேமலாப நிதியில் தொழில்தருநர் இலக்கம் அதேதான், ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த திகதி அதேதான் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆளுக்கொரு கடிதம் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். பெயர் மாறுவது வேறு, கம்பனியே மாறுவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கேற்றில் புதுப் பலகை, பெட்டியில் புது லேபல், உள்ளே அதே ஆட்கள். ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, ஒரு கம்பனி விசேட தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளரின் அனுமதியோடு பெயரை மாற்றினால், அது அதே கம்பனிதான். அதன் உரிமைகளும் கடப்பாடுகளும் அப்படியே தொடரும். பத்திரிகையில் சின்னப் பெட்டிக்குள் 'பொது அறிவித்தல்' என்று வருமே, அதில் பழைய பெயர், கம்பனி இலக்கம், பதிவு அலுவலக முகவரி, புதிய பெயர் எல்லாம் இருக்கும். பெயர் இரண்டு, இலக்கம் ஒன்று. அப்படியானால் எங்களுக்குப் புதிய நியமனக் கடிதமே தேவையில்லை. 'இன்ன பெயர் இன்ன பெயராக மாறிவிட்டது, உங்கள் வேலை நிபந்தனைகளில் மாற்றமில்லை' என்று இரண்டு வரி போதும்.

அதற்கு மாறாக, புதிய பெயரில் வேறொரு கம்பனியைப் பதிந்து, எங்களை அங்கே நகர்த்துவதாக இருந்தால், பழைய கம்பனியோடு எங்கள் சேவை முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். புதியவர் பழைய சேவையை ஏற்பதாக எழுதித் தராவிட்டால், பின்னால் அதை நிரூபிக்கும் பாரம் எங்கள் தலையில்தான். நீங்கள் வெள்ளிக்கிழமை பேசியது முதலாவது வகையை. திங்கட்கிழமை வந்த கடிதம் பேசுவது இரண்டாவது வகையை.

கணக்காகவே சொல்கிறேன். லேபல் ஒட்டும் பகுதியில் இருக்கும் ஒரு தங்கச்சிக்கு இப்போது நான்கு வருட சேவை. சம்பளம் நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவைக்காலப் பணம் கிடைக்க ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் வீதத்தில். அவள் இன்னும் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு விலகுகிறாள், சம்பளமும் கூடவில்லை என்றே எடுப்போம். சேவை தொடர்ந்தால் பத்து வருடம், 2,00,000 ரூபா. அந்தக் கடிதத்தில் இருக்கும் திகதியிலிருந்து எண்ணினால் ஆறு வருடம், 1,20,000 ரூபா. பழைய நான்கு வருடம் ஐந்தைத் தொடாததால் பழைய கம்பனியிடமும் கேட்க முடியாது. இடையிலேயே, இன்னும் இரண்டு வருடத்தில் கலியாணமாகிப் போனால் ஒரு சதமும் இல்லை. ஒரு கையெழுத்தில் இது போய்விடும். அவளிடம் இது சம்பிரதாயம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது எங்கள் கற்பனைப் பயம் இல்லை. என் அம்மா ஒரு தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை செய்தவர். அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கேயும் ஒரு நாள் பெயர் மாறுகிறது என்றார்கள், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதே கட்டடம், அதே அடுப்பு, அதே கங்காணி. ஆகவே அம்மாவுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. சம்பளச் சிட்டையில் அங்கத்தவர் இலக்கம் மாறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஐம்பது வயதானதும் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புதிய இலக்கத்தில் இருந்த காசு மட்டும் வந்தது. பழைய வருடங்கள் எங்கே என்று கேட்டால், அது வேறு தொழில்தருநர் இலக்கம், வேறு கணக்கு, அதற்குத் தனியாக விண்ணப்பியுங்கள் என்றார்கள். அதற்குப் பழைய கம்பனி உறுதிப்படுத்த வேண்டும். பழைய கம்பனியோ பதிவிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. போதாததற்கு அந்தப் பழைய கணக்கில் அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் இருப்பதைவிட ஓர் எழுத்து வேறாக இருந்தது. அதற்கு கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, தொழில் அலுவலகத்துக்கு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேரும் பஸ் காசும் போயின. அம்மா சேர்த்து வைத்திருந்த சில பழைய சம்பளச் சிட்டைகள் இருந்ததால் அந்தக் காசு கடைசியில் கைக்கு வந்தது. பழைய வருடங்களுக்கான சேவைக்காலப் பணம் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரு கம்பனி ஒரு தீர்மானத்தில் தன் பெயரை மாற்றிக்கொள்கிறது. அதில் வேலை செய்தவரின் பெயரில் எழுதுவினைஞர் ஓர் எழுத்தைப் பிழையாகப் போட்டால், அதைத் திருத்த அவர் வருடக்கணக்கில் அலைய வேண்டும். மலையகத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் மேலே பலகை மாறியது. கீழே கொழுந்து எடுத்தவர்களிடம், உங்கள் சேவைக்காலம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தாய் தகப்பன் கையெழுத்து வைத்த தாள்களில் பாதியை அவர்களால் வாசிக்க முடியவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் நாங்கள் படித்து இங்கே வந்திருக்கிறோம். எங்களிடமும் ஆங்கிலத் தாளை நீட்டி, வாசிக்காமல் கையெழுத்து வை என்றால் கோபம் வருகிறது ஐயா. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைக் கேட்கவில்லை. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு பன்னிரண்டு வீதத்தையும் எங்கள் பங்கு எட்டு வீதத்தையும், நம்பிக்கை நிதியத்துக்கு மூன்று வீதத்தையும் தவறாமல் கட்டியவர் நீங்கள். இந்தப் பக்கத்தில் எல்லா முதலாளிமாரும் அப்படி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு நீங்கள் ஓய்வு பெறலாம், கம்பனியை விற்கலாம். அன்றைக்கு வருகிறவருக்கு உங்கள் வெள்ளிக்கிழமைப் பேச்சு தெரியாது. கோப்பில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பார்.

எனவே பணிவோடு திரும்பவும் கேட்கிறோம். திங்கட்கிழமை தந்த நியமனக் கடிதத்தை மீளப் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவு இலக்கமும், தொழில்தருநர் இலக்கமும், சேர்ந்த திகதியும் மாறவில்லை என்ற கடிதத்தைத் தாருங்கள். பெயர் மாற்றச் சான்றிதழின் பிரதி ஒன்றை நோட்டீஸ் போர்டில் போடுங்கள். தொழில் திணைக்களத்துக்கும் மத்திய வங்கியின் சேமலாப நிதிப் பிரிவுக்கும் பெயர் மாற்றத்தை அறிவித்த கடிதத்தின் பிரதியையும் அதோடு வையுங்கள். ஒருவேளை உண்மையிலேயே வேறு கம்பனிதான் பதிந்திருக்கிறது என்றால், அதையும் நேராகச் சொல்லுங்கள். அப்போது பழைய சேவை முழுவதையும் புதிய கம்பனி ஏற்கிறது என்று ஆளுக்காள் எழுதித் தர வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தரச் சொன்ன தாள்கள் பொதியிடல், களஞ்சியம், லேபல் ஆகிய மூன்று பிரிவுகளிலும் கையெழுத்தில்லாமல் எங்களிடமே இருக்கின்றன. உங்கள் கடிதம் வரும்வரை அவற்றில் கையெழுத்து வைப்பதில்லை என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். வேலை வழக்கம்போல் நடக்கும், ஏற்றுமதிக்கு இருக்கும் பெட்டிகள் நேரத்துக்குப் போகும். உங்களுக்கு வசதியான ஒரு நாளில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் வந்து உங்களைச் சந்திக்கவும் தயாராக இருக்கிறோம். தயவுசெய்து நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
பொதியிடல், களஞ்சியம், லேபல் பிரிவு ஊழியர்கள் சார்பில்,
உங்கள் களஞ்சியப் பிரிவு ஊழியர் ஒருவர்
ஹட்டன்