குழுவிலிருந்து கிளம்புகிறேன்

டேய் மச்சான்களா,

இன்று இரவு நம் பெட்டிங் குழுவிலிருந்து வெளியேறுகிறேன். சொல்லாமல் போனால் உங்கள் மேல் கோபம் என்று நினைப்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. காரணத்தை முழுசாகச் சொல்லிவிட்டே போகலாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? இரண்டாவது மேட்ச், ஆறாவது ஓவரின் கடைசிப் பந்து. ஸ்கோர் 46. பவர்பிளேயில் 48.5க்கு மேல் வரும் என்று பெட் கட்டியிருந்தேன். கவர் டிரைவ் எல்லைக்கோட்டை நோக்கி ஓடியது. அங்கே நின்ற பையன் வலப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து, கயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் பந்தைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டான். இரண்டு ரன். ஸ்கோர் 48.

அப்படியொரு ஃபீல்டிங்கைப் பார்க்கத்தானே நாம் சின்ன வயதிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம்? எனக்கோ அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டத்தான் வாய் வந்தது. மறுநாள் ஹைலைட்ஸில் அதே பந்தைத் திரும்பப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று அது எனக்கு வரிசையாக ஐந்தாவது தோல்வி. தோற்றால் அடுத்ததை இரண்டு மடங்காக்கு, ஒரு முறை ஜெயித்தால் போதும், எல்லாம் திரும்பிவிடும் என்று குழுவில் பேசிக்கொள்வோமே, அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். 100, 200, 400, 800, 1600. ஐந்தும் போய் 3100 காலி. ஆறாவதுக்கு 3200 வேண்டும். கையில் இல்லை, குழுவில் ஒருவனிடம் கடன் வாங்கிக் கட்டினேன். ஜெயித்தேன். உடனே ஸ்கிரீன்ஷாட் போட்டேன், நீங்கள் எல்லோரும் ஹார்ட் போட்டீர்கள்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆட்ஸ் 1.90. அதாவது 100 கட்டி ஜெயித்தால் லாபம் 90தான். 3200க்கு வந்த லாபம் 2880. முன்னால் போனது 3100. ஜெயித்த பிறகும் 220 நஷ்டம்! நான்கு முறை வரிசையாகத் தோற்றுவிட்டாலே அப்புறம் ஜெயித்தாலும் கைக்காசு குறைகிறது. இரட்டிப்பு ஆக்கினால் பணம் திரும்பும் என்பது இந்த ஆட்ஸில் உண்மையே இல்லை. இது தெரியாமல்தான் இத்தனை நாள் ஆடியிருக்கிறேன்.

பிறகு பழைய நோட்டை எடுத்தேன். இரட்டிப்பு ஆட்டத்தில் இறங்குவதற்கு முன்னால் மூன்று மாதம், ஒவ்வொரு பெட்டும் 100 என்று எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 120 பெட். 61 ஜெயித்திருக்கிறேன், 59 தோற்றிருக்கிறேன். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியிருக்கிறேனே என்று முதலில் சந்தோஷம். லாபம் 5490, நஷ்டம் 5900. 410 கைவிட்டுப் போயிருக்கிறது. 100 பெட்டில் 53 ஜெயித்தால்தான் இந்த ஆட்ஸில் தலை தப்பும், 52 ஜெயித்தாலும் போதாது. மேலே என்றாலும் 1.90, கீழே என்றாலும் 1.90. இரண்டு பக்கமும் வெட்டப்பட்ட அந்தப் பத்துப் பைசாதான் ஆப்காரனின் சம்பாத்தியம். எனக்கு கிரிக்கெட் எவ்வளவு தெரிந்தாலும் அந்த வெட்டு நிற்காது.

மேட்ச் நடக்கும்போதே கட்டும் லைவ் பெட்டில் இன்னும் மோசம். நம் போனில் ஓடும் ஸ்டிரீம் மைதானத்தைவிடச் சில விநாடிகள் பின்னால்தான் வருகிறது. பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே ஆட்ஸ் திடீரென்று பூட்டிக்கொள்ளும், சில விநாடி கழித்து நாம் விக்கெட்டைப் பார்ப்போம், கவனித்திருப்பீர்கள். மைதானத்திலிருந்து ஆப்காரனுக்குத் தகவல் முதலில் போய்விடுகிறது. நமக்குத் தெரிவது பழைய பந்து.

இன்னொன்றும் செய்தேன், தப்பாக நினைக்காதீர்கள். போன மாதத்துச் செய்திகளை மேலே தள்ளித் தள்ளி எண்ணினேன். ஜெயித்த ஸ்கிரீன்ஷாட் 38, தோற்றதைச் சொன்னது 3. நானும் அந்த 220ஐ உங்களிடம் சொல்லவில்லையே. அந்தக் குழுவைப் பார்க்கிற யாருக்கும், எல்லோரும் ஜெயிக்கிறார்கள், நான் மட்டும்தான் தோற்கிறேன் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணத்தில்தான் கடன் வரை போனேன்.

உங்களில் ஒருவன் என்னைவிட ஆழமாக இறங்கியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். டேய், நடுராத்திரி என்றாலும் போன் பண்ணு. நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், சேர்ந்து கணக்குப் பார்ப்போம். திட்ட மாட்டேன்.

எனக்குக் கடன் கொடுத்தவனுக்கு 3200ஐ இன்று காலையே அனுப்பிவிட்டேன். ஆப்பில் கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லியும் எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை மேட்ச்சுக்கு வழக்கம்போல வருவேன். யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், அந்தப் பையன் எல்லைக்கோட்டில் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும் எனக்கு.

உங்கள் நண்பன்