நேஜாவுக்கு வள்ளி யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் சீனர்களின் சிறுவன்-தெய்வமான நேஜாவைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. அதன் கடைசி வரி: “சுருங்கச் சொன்னால், நேஜாதான் சீனர்களின் முருகன்.” நன்றாகவே சுருக்கியிருக்கிறீர்கள். சுருக்கியதில் நேஜாவும் காணாமல் போனார், முருகனும் காணாமல் போனார்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சாமிக் கதை, வீரர் கதை என்றால் சோறு வேண்டாம். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “தாத்தா, அப்போ நேஜாவுக்கு வள்ளி யாரு?” எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். “அவன் சின்னப் பையன், அவனுக்கு எங்கிருந்து பெண்டாட்டி? அப்பாவோடு சண்டை போடவே நேரம் போதவில்லை!”

கட்டுரையாளர் சொன்ன காரணங்கள் மூன்று: இருவரும் சிறுவர்கள், இருவர் கையிலும் வேல், இருவருக்கும் தாமரை. சரி. நம் வேல் தாய் கொடுத்தது. அவருடைய நெருப்பு ஈட்டி குரு கொடுத்தது. நம் முருகன் சரவணப் பொய்கைத் தாமரையில் பிறந்தவர். நேஜாவோ இறந்த பிறகு தாமரையால் உடல் செய்து தரப்பட்டவர். தாமரை என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா? அப்படிப் பார்த்தால் பத்துமலைக்கும் பழனிமலைக்கும் ‘மலை’ பொது, ஒரே டிக்கெட்டில் போய் வரலாம்.

கதையையாவது முழுதாகச் சொன்னீர்களா? 16ஆம் நூற்றாண்டு வாக்கில், மிங் அரசர்கள் காலத்தில் எழுதப்பட்ட ஃபெங்ஷென் யான்யி என்ற நாவலில்தான் இன்று எல்லாரும் சொல்லும் நேஜா கதை இருக்கிறது. மூன்றரை ஆண்டு கர்ப்பத்தில் இருந்து ஒரு சதை உருண்டையாகப் பிறக்கிறான். தந்தை லீ ஜிங் வாளால் அதைப் பிளக்க, உள்ளேயிருந்து பையன் வருகிறான். (பேத்தி இங்கேயே கதையை நிறுத்தி, “காந்தாரி மாதிரி!” என்றாள். இரண்டு ஆண்டு கர்ப்பம், இரும்பு போன்ற சதைப்பிண்டம். உங்கள் கட்டுரையாளருக்குத் தோன்றாதது.) ஏழு வயதில் கடல் நாகராஜனின் மூன்றாவது மகனைக் கொன்றுவிடுகிறான். பழி பெற்றோர் மேல் விழாமலிருக்கத் தன் சதையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறான். தாய் ரகசியமாகக் கோயில் கட்டுகிறாள். தந்தை அதைக் கண்டுபிடித்துச் சிலையை உடைத்துக் கோயிலையும் கொளுத்துகிறார். அதற்குப் பிறகுதான் தாமரை உடல், ஈட்டி, சக்கரம் எல்லாம். புது உடலோடு அவன் முதலில் துரத்துவது எந்த அரக்கனையும் இல்லை, பெற்ற தகப்பனை! தகப்பன் கையில் ஒரு சிறு கோபுரம் கிடைத்த பிறகுதான் பையன் அடங்குகிறான்.

இப்போது பழனியை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்பா பிள்ளைச் சண்டைதான். ஆனால் நம் பிள்ளை கோபித்துக்கொண்டு மலையேறினால், பெற்றவர்கள் பின்னாலேயே போய் “பழம் நீ” என்று கொஞ்சுகிறார்கள். சுவாமிமலையில் அப்பா பிள்ளையிடம் பாடமே கேட்கிறார். பெற்றவர்களுக்குப் பிள்ளை பட்ட கடன் என்ன என்று ஒரு கதை கேட்கிறது, இன்னொன்று பிள்ளையிடம் பெற்றவர் தோற்பதில் சந்தோஷப்படுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரிகிறது, நான் சொல்லிப் பார்த்தேன். “இவர்தான் அவர்” என்று எழுதினால் இதைப் பேசவே இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தும் அச்சில் வரவில்லையே என்றுதான் ஆதங்கம். நேஜா நம் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் முருகன் அல்ல. குபேரனின் மகன் நளகூபரன் என்பதே அந்தப் பெயரின் மூலம். பாகவதத்தில் நாரதர் சாபத்தால் அண்ணன் தம்பி இருவர் மருதமரமாக நிற்க, உரலில் கட்டிய குட்டிக் கண்ணன் நடுவே புகுந்து இழுத்துச் சாய்ப்பானே, அந்த இருவரில் ஒருவன். தாங் அரசர் காலத்தில் பௌத்த நூல்கள் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, நளகூபரன் என்ற நீளப் பெயரைச் சீன எழுத்துகளில் எழுதி, பிறகு முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் நேஜா. அப்பா குபேரன், லீ ஜிங் என்ற சீனத் தளபதியோடு கலந்துபோனார். குபேரன் கையிலிருந்த கோபுரம் லீ ஜிங் கைக்குப் போயிற்று. சீனக் கோயிலில் நான்கு திசைக் காவலரில் ஒருவராக நிற்கும் குபேரனுக்குக் குடை மிஞ்சியது.

அப்படியானால் சீனத்துக்குப் போன முருகன் யார்? அவரும் இருக்கிறார். சீன பௌத்தக் கோயில்களில் நான்கு திசைக் காவலர் மண்டபத்தில், சிரிக்கும் குண்டு புத்தருக்குப் பின்புறம், பெரிய சன்னிதியைப் பார்த்தபடி கவசம் அணிந்த இளைஞர் ஒருவர் நிற்பார். கையில் வேல் இருக்காது, தடித்த உலக்கை போன்ற ஆயுதம் இருக்கும். வெய்தோ என்பார்கள். ஸ்கந்தன் என்ற பெயரைச் சீனத்தில் எழுதி எழுதிப் படியெடுக்கையில் ஓர் எழுத்து மாறிப்போய் அந்தப் பெயர் வந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். ஆக, வேல் பிடித்தவர் முருகன் இல்லை, வேல் இல்லாதவர்தான் முருகன். தோற்றத்தை மட்டும் பார்த்து உறவு சொன்னால் இப்படித்தான் ஆகும். பேத்தியை இந்த வாரம் கெக் லோக் சிக்கு அழைத்துப்போய்க் குடைக்காரரைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் அசையாமல் நின்றாள்.

எழுத உட்கார்ந்தபோது இதோடு நிறுத்துவதாகத்தான் எண்ணம். ஆனால் இது முதல் முறை இல்லையே. முன்பொரு முறை “கிரேக்கரின் ஸீயஸ்தான் நம் இந்திரன்” என்று போட்டீர்கள். பெயர் வழியில் பார்த்தால் ஸீயஸுக்கு உறவு வேதத்தின் த்யௌஸ், வானத் தந்தை. ரோமரின் ஜூபிட்டரும் அதே குடும்பம். இடி ஆயுதம் மட்டும்தான் இந்திரன் பக்கம். அப்போதும் கடிதம் எழுதினேன். ஆறு பத்தியில் இரண்டு அச்சானது, அதுவும் உங்களைப் பாராட்டிய இரண்டு. காண்டீபத்தை ‘காந்தீபம்’ என்று அச்சிட்டதற்கு வருத்தம்கூட வரவில்லை. அப்புறம் மாணவர் பக்கம் ஒரு பக்கமாக இருந்தது, அரைப்பக்கம் ஆனது. மீதியில் நகைக்கடை.

பேத்திக்குப் புத்தகம் வாங்கப் போன கதை தனி. தமிழில் கிடைத்ததெல்லாம் இராமாயணப் படக்கதை, மகாபாரதப் படக்கதை. இரண்டு நாட்டுக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லும் புத்தகம் தமிழில் உண்டா என்று கேட்டால் கடைக்காரர் வண்ணம் தீட்டும் புத்தகத்தை எடுத்து நீட்டினார். கடைசியில் ஒரு பேரங்காடியில், செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம், 89 ரிங்கிட். கிரேக்கத்துக்கு 40 பக்கம், இந்தியாவுக்கு நான்கு. அந்த நான்கிலும் “இந்துக்கள் வணங்கினார்கள்” என்று இறந்த காலம்! தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி வந்த பிள்ளை அதைப் படித்துவிட்டு, “நாம கும்பிடறதை நிறுத்திட்டோமா?” என்று கேட்கிறாள். ஸீயஸுக்கு இன்று தினப்படி பூசை கிடையாது. முருகனுக்கு உண்டு, நேஜாவுக்கும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய புத்தகத்தை 89 ரிங்கிட் கொடுத்து வாங்குவதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் தொகுப்பானாலும், எனக்கு நன்றாகத் தெரிந்த கதையைத்தான் முதலில் புரட்டுவேன். பிள்ளையாருக்கு யானைத் தலை வந்ததையோ கர்ணன் கவசம் கொடுத்ததையோ தவறாகச் சொல்லியிருந்தால், எனக்குத் தெரியாத எகிப்துக் கதையை மட்டும் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்று நம்ப முடியுமா? அடுத்து, கதை எந்த நூலில், எந்த ஊரில் சொல்லப்படுவது என்று இருக்கிறதா என்று பார்ப்பேன். ‘ஓர் இந்தியப் பழங்கதை’ என்று மட்டும் இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுவேன். ஏனென்றால் ஒரே கதைக்கே பல வடிவம் உண்டு. கிளந்தான் தோல்பாவைக் கூத்திலும் மலாய் ஹிகாயத் ஸ்ரீ ராமாவிலும் அனுமன் இராமனுடைய மகன். கம்பனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? இதைக் கேட்டதும் பேத்திக்கு முதலில் கோபம். அப்புறம், “மகன்னா, இலங்கைக்குத் தாவறது அம்மாவைத் தேடியா?” என்றாள். ஒப்பிடுதல் என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். கடல் தாண்டிப் போக வேண்டியதும் இல்லை, நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பக்கத்தில் வரும் ஒவ்வொரு கதைக்கும் அடியில் ஒரே ஒரு வரி: இது எந்த நூலில் அல்லது எந்த ஊரில் உள்ள வடிவம், அந்தத் தெய்வத்துக்கு இன்றும் வழிபாடு உண்டா இல்லையா. இடம் போதாவிட்டால் நகைக்கடை விளம்பரத்தில் ஒரு மோதிரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையைப் பேத்தி வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். கடைசி வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ‘குபேரன் மகன். முன்பு மருதமரமாக நின்றவர்’ என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப்பிழை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.