வெற்றிலை வாடாமல் வாசல் தாண்டவேண்டும்: தோழிக்கு ஒரு கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலையில் கோவில்வரை நடக்கிறாய் என்று வாசித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. தங்கையின் மகளுக்குத் தை மாதத்தில் கலியாணம் என்பதும், தாம்பூலப் பைகளை நீயே செய்துகொடுக்க எண்ணியிருப்பதும், அது சரிவந்தால் வவுனியாவில் கேட்டரிங் செய்கிறவர்களுக்கும் தொடர்ந்து செய்ய விரும்புவதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. எப்படிச் செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். பை தைப்பதும் பொருள் வாங்குவதும் உனக்குத் தெரிந்தவையே. ஆகவே நான் இழந்து கற்றுக்கொண்ட ஒன்றை, அதாவது ஈரத்தை எப்படிக் கையாள்வது என்பதை, விரிவாக எழுதுகிறேன். தாம்பூலப் பையில் கெட்டுப்போகிறவை பெரும்பாலும் ஈரத்தால்தான் கெடுகின்றன.

என் முதல் பெரிய வேலை நூற்றைம்பது பைகள். மறுநாள் காலையில் அவசரப்படக்கூடாது என்று முதல்நாள் மாலையிலேயே எல்லாவற்றையும் நிரப்பி முடித்தேன். வெற்றிலையைக் கழுவிய கையோடு, இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு மஞ்சள் துண்டு, ஒரு குங்குமப் பொட்டலம் என்று மெல்லிய பொலித்தீன் உறைக்குள் போட்டு மூடி, வெள்ளைப் பருத்திப் பைக்குள் வைத்தேன். பார்க்க மிக ஒழுங்காக இருந்தது. விடியற்காலையில் ஒன்றைத் திறந்து பார்த்தபோது உறையின் உட்புறம் முழுவதும் வியர்த்திருந்தது. வெற்றிலை ஓரங்களில் கறுத்துத் துவண்டு, புளித்த வாடை வீசியது. குங்குமப் பொட்டலத்தின் கடதாசி நனைந்து, சிவப்பு நிறம் பையின் அடியில் ஊறி வெளியே தெரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பைகளை அன்று கொடுக்கமுடியவில்லை. மணப்பெண்ணின் தாயார் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை என்பதே எனக்கு அதிக வேதனையைத் தந்தது.

பறித்த பிறகும் வெற்றிலை உயிருள்ள இலைதான். அது ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் என்பதை நான் அப்போது சிந்திக்கவில்லை. காற்றுப் போகாத உறைக்குள் அந்த ஈரம் நீர்த்துளியாகி இலையின்மேலேயே படிகிறது, அது படிந்த இடம் கறுக்கிறது. ஈரமே இல்லாமல் திறந்து வைத்தாலோ சில மணி நேரத்தில் இலை வாடிச் சுருங்கிவிடும். ஆகவே இலையைச் சுற்றி ஈரம் இருக்கவேண்டும், இலையின்மேல் நீர் நிற்கக்கூடாது. இப்போது நான் செய்கிற எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே முடிவுசெய்கிறேன்.

சென்ற ஆவணியில் இங்கே நகரில் நடந்த ஒரு கலியாணத்தைச் சொன்னால் உனக்கு முழு ஒழுங்கும் விளங்கும். அழைப்பிதழ்கள் நூற்றெண்பது, எதிர்பார்த்த ஆட்கள் நானூற்றுச் சொச்சம். வீட்டார் முதலில் ஆளுக்கு ஒன்றாக நானூற்றிருபது பைகள் கேட்டார்கள். தாம்பூலம் ஒரு வீட்டுக்கு ஒன்று என்பதே நம் வழக்கம் என்று நான் எடுத்துச் சொன்னேன். பிறகு மணப்பெண்ணின் சித்தியும் நானும் அழைப்பிதழ்ப் பட்டியலை எடுத்து வைத்து, குடும்பமாக வருவோர் எவர், வேலைத்தலத்திலிருந்து தனித்தனியே வருவோர் எவர், ஒரே அழைப்பிதழில் இரண்டு வீட்டாராக வருவோர் எவர் என்று பெயர் பெயராகக் குறித்தோம். கணக்கு இருநூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது. சொல்லாமல் வருவோருக்காகச் சேர்த்து இருநூற்று நாற்பது பைகள் செய்தோம், கடைசியில் ஒன்பது மிஞ்சின. எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததனால்தான் அதே பணத்தில் நல்ல தடித்த பருத்தித் துணியும், பனையோலையில் முடைந்த சிறு பெட்டியும் வாங்க முடிந்தது. அந்தப் பெட்டிக்குள் நான்கு பயற்றம் உருண்டைகள் வைத்தோம்.

வீட்டார் தேங்காயும் கேட்டிருந்தார்கள். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றதை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னதற்கு விலை மட்டும் காரணம் அன்று. அகன்ற அடிப்பாகம் வைத்துத் தைக்காத பையில் தேங்காய் உருண்டு, பையை ஒரு பக்கம் சாய்த்து, வெற்றிலையை நசுக்கிவிடும். உன் வீட்டுக் கலியாணத்தில் தேங்காய் கட்டாயம் என்றால், அடிக்கு நான்கு அங்குல அகலம் கொடு, கைப்பிடியைப் பையின் வாயோடு நிறுத்தாமல் அடிவரை இறக்கித் தை, வெற்றிலைக்கென்று உள்ளே ஓர் அறையும் வை. வாழைப்பழம் எந்த நிலையிலும் வேண்டாம். பழுத்துக்கொண்டிருக்கும் பழத்தோடு அடைபட்டிருந்தால் வெற்றிலை விரைவில் மஞ்சளாகிவிடும்.

வேலையை நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஓலைப்பெட்டி, விரலி மஞ்சள், நன்றி அட்டை ஆகிய உலர்ந்த பொருள்களை இரண்டு நாள் முன்னதாகவே பையில் இட்டு, அட்டைப் பெட்டிகளில் இருபது இருபதாக அடுக்கி, பெட்டியின்மேல் எண்ணிக்கையை எழுதிவைத்தேன். பாக்கையும் உலர்ந்த பொருள் என்று நம்பிவிடாதே. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நாலைந்தை எடுத்துப் பாக்குவெட்டியால் வெட்டிப் பார்க்கவேண்டும். வெட்டு மெத்தென்று இறங்கினாலோ, உள்ளே பூஞ்சண வாடை வந்தாலோ அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடு, ஏனென்றால் அது மூடிய பைக்குள் இரண்டு நாளில் வெண்பூஞ்சணம் பிடிக்கும்.

வெற்றிலை கலியாணத்துக்கு முதல்நாள் பிற்பகலில் வந்தது. இருநூற்று நாற்பது சோடிக்கு நானூற்றெண்பது இலைகள், கிழிந்தவற்றையும் சிறுத்தவற்றையும் கழிப்பதற்காக ஐந்நூற்றைம்பது வாங்கினேன். மாலையில் ஒவ்வோர் இலையாகக் கழுவி, விறாந்தையில் பருத்தி வேட்டி விரித்து அதன்மேல் பரப்பி, இலையின் மேலிருந்த நீர் முற்றாகக் காயும்வரை விட்டோம். பிறகு கூடைக்குள் வாழையிலையை விரித்து, வெற்றிலையைக் காம்போடு அடுக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடிவைத்தோம். பிழிந்த துணி என்பதை நினைவில் வை. சொட்டுகிற துணி என்றால் காலையில் மேலடுக்கு கறுத்திருக்கும்.

அதிகாலை ஐந்து மணிக்கு நால்வர் உட்கார்ந்தோம். பொலித்தீன் உறைக்குப் பதிலாக, அனலில் வாட்டிய வாழையிலையை அகலமான கீற்றுகளாகக் கிழித்து வைத்திருந்தோம். வாட்டாத இலை மடிக்கும் இடத்தில் வெடிக்கும். இரண்டு வெற்றிலைக்கு நடுவில் பாக்கை வைத்து, கீற்றால் சுற்றி, வாழைநாரால் ஒரு கட்டு. இப்படிச் சுற்றியது காற்றை முழுவதும் அடைக்காது, ஈரத்தையும் சடுதியாகப் போகவிடாது. ஒருவர் அறுபது கட்டவேண்டும்; ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அவற்றைத் தனிக் கூடையில் மண்டபத்துக்குக் கொண்டுபோய், தாலி கட்டி முடிந்து முதற்பந்தி உட்கார்ந்த பிறகே பைகளுக்குள் இட்டோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மிஞ்சிய ஒன்பது பைகளையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இலை பச்சையாகவே இருந்தது.

குங்குமத்தை இப்போது நான் பைக்குள் வைப்பதில்லை. கறைக்குப் பயந்து மட்டும் நான் இதைச் செய்யவில்லை. நம் ஊர்க் கலியாணத்துக்குக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள், வேலைத்தலத்துச் சிங்களவர்கள் வருவார்கள், கிறிஸ்தவ உறவினர்கள் இருப்பார்கள். வெற்றிலை கொடுப்பது இவர்கள் எல்லோருக்கும் மரியாதையாகவே விளங்கும், குங்குமம் அப்படி அன்று. கணவரை இழந்த பெண்களுக்கென்று குங்குமம் இல்லாத பைகளை வேறு அடையாளமிட்டு அடுக்கும்படி சில வீட்டார் கேட்பார்கள். ஒரு பெண்ணின் நெற்றியைப் பார்த்துப் பை மாற்றிக் கொடுப்பதைக் காண எனக்குப் பொறுக்காது. எல்லோருக்கும் ஒரே பை கொடுத்து, வாசலில் ஒரு தட்டில் குங்குமச்சிமிழை வைத்துவிட்டால், விரும்புகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள்.

அச்சைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மணமக்களின் பெயரைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கொடுத்திருந்தேன். அச்சகத்தில் அதை யுனிகோட்டுக்கு மாற்றி வேறொரு மென்பொருளில் ஒட்டியபோது, மணப்பெண்ணின் பெயரிலிருந்த ‘கோ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. திரையில் காட்டினார்கள், நானும் அவசரத்தில் சரி என்றேன். ஐம்பது பைகள் அச்சான பிறகே கண்ணில் பட்டது. இப்போது பெயரை வீட்டாரின் கையெழுத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்துகளை வரைவடிவமாக மாற்றிய கோப்பையே கொடுக்கிறேன். துணியில் அடித்த ஒரு மாதிரியை வீட்டார் பார்த்து ஒப்பமிட்ட பிறகே மற்றவற்றை அச்சிட விடுகிறேன்.

கேட்டரிங் செய்கிறவர்களுக்கு என்றால், பெயரைப் பையில் அச்சிடவே வேண்டாம். அவர்களுடைய கணக்கு எப்போதும் மிகுதி வைத்தே இருக்கும், பெயர் அச்சிட்ட பை மிஞ்சினால் அது எவருக்கும் உதவாது. பையில் ஒரு கோலமோ குத்துவிளக்கோ மட்டும் இருக்கட்டும். பெயரும் திகதியும் கைப்பிடியில் கட்டும் சிறு அட்டையில் வந்தால், மிஞ்சிய பை அடுத்த கலியாணத்துக்குப் போகும். பந்தி முடிவில் வைக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் அவர்கள் உன்னிடமே கேட்பார்கள். அதற்குச் சோடி கட்டவேண்டியதில்லை, வெற்றிலையையும் சீவலையும் தனித்தனியே கொடுத்தால் போதும்.

உன் வீட்டுக் கலியாணம் தையில் என்பதால் ஒன்றை மட்டும் இப்போதே செய்யவேண்டும். கார்த்திகை மழை பிடித்துவிட்டால் துணியில் அடித்த மை காய நாளெடுக்கும்; காயாத பைகளை அடுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதன் முதுகில் பதியும். பருத்தியாக இருந்தால் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரிக்கை வைத்துச் சூட்டால் மையைப் பிடிக்க வைக்கலாம், ஆனால் நெய்யாத செயற்கைத் துணியான நொன்வோவனில் செய்த பை அந்தச் சூட்டில் உருகிவிடும். ஆகவே ஐப்பசிக்குள் பைகளை அச்சிட்டு முடித்துவிடு. ஓலைப்பெட்டியை மட்டும் மார்கழி கடைசியில் வாங்கு, ஏனென்றால் மழைக்காலத்தில் வீட்டில் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அழைப்பிதழ்ப் பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இருவருமாக எண்ணிப் பார்ப்போம். கலியாணத்துக்கு முதல்நாள் நான் வந்துவிடுவேன், வெற்றிலை கட்ட என் பாக்குவெட்டியையும் வாழைநாரையும் கொண்டுவருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழி