பங்குச்சந்தை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு: அந்த 11 சதவீதம் எங்கிருந்து வந்தது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஞாயிறுதோறும் பங்குச்சந்தை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டுவதுதான் பிழைப்பாக இருந்தது. உங்களில் ஒருவரின் வகுப்புக்குப் போய்வந்த என் மருமகன் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். ‘டிவிடெண்டை வைத்துப் பங்கின் மதிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்று தலைப்பு. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. அதற்குள் போட்ட எண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு பங்கு இனி காலமெல்லாம் தரப்போகும் டிவிடெண்டுகளை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கூட்டினால் அதுவே அந்தப் பங்கின் மதிப்பு. ஜான் பர் வில்லியம்ஸ் 1938-லேயே இதை எழுதிவிட்டார். டிவிடெண்ட் ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டால் அந்த முடிவில்லாத கூட்டல் ஒரே வகுத்தலாகச் சுருங்கிவிடும். 1950-களில் அதைப் பரவலாக்கிய மைரன் கார்டன் பெயரால் அது வழங்குகிறது:

```
P = D0 × (1 + g) / (r − g)
```

P பங்கின் மதிப்பு. D0 கடைசியாகத் தந்த டிவிடெண்ட். r என்பது இந்த அளவு ஆபத்துக்கு நாம் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம். g என்பது டிவிடெண்ட் என்றென்றும் வளரும் வேகம். ‘என்றென்றும்’ என்ற சொல்லை உங்கள் தாள் விட்டுவிட்டது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

தாளில் இருந்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். எண்களையும் எளிமையாக்கித் தருகிறேன். டிவிடெண்ட் 500 சதவீதம். வகுப்பில் அதைக் கேட்டதும் பலர் வாயைப் பிளந்தார்களாம். முகமதிப்பு 2 ரூபாய் என்பதால் கைக்கு வருவது 10 ரூபாய், அவ்வளவுதான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 6 ரூபாயாக இருந்தது. ஆறு பத்தானால் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 11 சதவீதம். எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம். 11.10 ரூபாயை 0.01-ஆல் வகுத்தால் 1,110 ரூபாய். சந்தையில் அந்தப் பங்கு 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ‘மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் தங்கம்’ என்று கீழே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தீர்கள்.

அதே கணக்கில் g-ஐ மட்டும் 10 ஆக்கினால் 550 ரூபாய் வருகிறது. 9 ஆக்கினால் 363. ஒரு சதவீதம் குறைத்ததும் மதிப்பு பாதியாகிறது. இன்னொன்று குறைத்தால் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போகிறது. r-க்கும் g-க்கும் இடைவெளி குறுகக் குறுக விடை வெறும் வகுத்தலின் வித்தையாகிவிடுகிறது. ஊகம் ஓரிரு புள்ளி பிசகினாலே வாங்கு என்ற விடை வாங்காதே என்று மாறுமானால், அதை நம்பி ஒருவர் வைப்புநிதியை உடைக்கலாமா?

சரி, 11 தவறு என்றால் எதைப் போடுவது? அதற்கு லாபத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கம்பெனி ஐந்து ஆண்டுகளுக்கு முன் பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய் லாபம் ஈட்டி அதில் 6 ரூபாயைப் பிரித்துக் கொடுத்தது. அதாவது 30 சதவீதம். இப்போது 25 ரூபாய் ஈட்டி 10 ரூபாய் கொடுக்கிறது; 40 சதவீதம். லாபம் வளர்ந்தது ஆண்டுக்கு நாலரை சதவீதம் மட்டுமே. மீதி வளர்ச்சி முழுவதும், லாபத்தில் கொஞ்சம் கூடுதலாக அள்ளிக் கொடுத்ததால் வந்தது. 30-லிருந்து 40-க்குப் போகலாம், 60-க்கும் போகலாம். 100-ஐத் தாண்டி நெடுநாள் போக முடியாது. ஆகவே அந்த 11 சதவீதம் என்றென்றைக்குமான வேகமாக இருக்க வழியே இல்லை.

கம்பெனி கையில் நிறுத்திவைக்கும் பணம்தான் அடுத்த ஆண்டின் லாபத்தை வளர்க்கிறது. அதனால் நீடித்து நிற்கும் g-க்கு ஓர் எளிய அளவு உண்டு: மூலதனத்தின் மீதான லாப விகிதத்தை, நிறுத்திவைக்கும் பங்கால் பெருக்க வேண்டும். இங்கே பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு 250 ரூபாய், லாபம் 25. எனவே விகிதம் 10 சதவீதம். லாபத்தில் 60 சதவீதம் உள்ளே நிற்கிறது. பெருக்கினால் 6. அந்த 6-ஐச் சூத்திரத்தில் போட்டால் மதிப்பு 177 ரூபாய். உங்கள் 1,110 எங்கே, இது எங்கே!

‘வரும் சில ஆண்டுகளுக்காவது 11 ஓடுமே’ என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐந்து ஆண்டு 11, அதன்பின் 6 என்று இரண்டு கட்டமாகப் பிரித்தும் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு 49 ரூபாய். ஐந்தாம் ஆண்டு டிவிடெண்ட் 16.85 ஆகியிருக்கும், அதிலிருந்து 6 சதவீத வளர்ச்சியில் வரும் விலை 298, இன்றைய மதிப்பில் 169. மொத்தம் 218 ரூபாய். அதிலும் ஒரு சிக்கல்: டிவிடெண்ட் 11-இலும் லாபம் 6-இலும் ஓடினால் ஐந்தாம் ஆண்டில் லாபத்தில் பாதி வெளியே போய்விடும். நிறுத்திவைப்பது குறைவதால் அடுத்த கட்ட வளர்ச்சி 6 அல்ல, 5-க்கு இறங்கும். மதிப்பும் 192-க்கு இறங்கும்.

இதைவிட நேர்மையான வழி, சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது. சந்தை விலை 400-ஐ வைத்துக்கொண்டு எந்த g இருந்தால் இது சரியாகும் என்று கேட்டால் 9.3 சதவீதம் என்று விடை வரும். இந்தக் கம்பெனி என்றென்றும் 9.3 சதவீதம் வளருமா? மாணவர்கள் விவாதிக்க வேண்டிய கேள்வி இதுதான். ‘r-ஐ 12 என்று ஏன் வைத்தீர்கள், 10 போதுமே’ என்று ஒருவர் சொன்னால் அதையும் போடட்டும். 6 சதவீத வளர்ச்சிக்கு 265 ரூபாய் கிடைக்கும். அப்போதும் 400 வரவில்லை.

தாளில் இன்னொரு கம்பெனிக்கு g 13 சதவீதம் என்று போட, எக்செல் மைனஸ் விலை காட்டியதாம். மைனஸை அழித்துவிட்டு மேலே போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். g, r-ஐ எட்டினாலே அந்தக் கூட்டல் எல்லை இல்லாமல் பெருகிவிடும், சூத்திரமே செல்லாது. அந்தக் கட்டத்தில் இதைப் போட்டுவையுங்கள் (B1 டிவிடெண்ட், B2 r, B3 g):

```
=IF(B3>=B2, "செல்லாது", B1*(1+B3)/(B2-B3))
```

டிவிடெண்டே தராத கம்பெனிக்கு மதிப்பு பூஜ்யம் என்று சொன்னதும் சரியல்ல. குலசேகரம் பக்கம் ரப்பர் நட்டவர் ஏழு வருஷம் பால் வெட்டாமல் காத்திருக்கிறார். அதனால் தோட்டத்துக்கு விலை இல்லையென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எப்போது, எவ்வளவு தரும் என்று சொல்ல முடியாத கம்பெனிக்கு இந்த முறையை இழுத்துப் பொருத்தவும் வேண்டாம். ஒரு சொத்தை விற்றுவிட்டு ஒரே தடவை தரும் சிறப்பு டிவிடெண்டையும் D0-வில் சேர்க்கக் கூடாது.

அடுத்த வகுப்புக்குத் தாள் அச்சடிக்கும்போது, டிவிடெண்டுக்குப் பக்கத்திலேயே பங்கு ஒன்றுக்கான லாபத்துக்கும் புத்தக மதிப்புக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். விடையை ஒரே எண்ணாகத் தராமல் g 5 முதல் 9 வரை ஒரு வரிசையாகக் காட்டுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் தங்கள் டிவிடெண்ட் கொள்கையை இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது செபி விதி. லாபத்தில் எவ்வளவு வரை பிரித்துக் கொடுப்போம் என்று பல கம்பெனிகள் அதில் சொல்லியிருக்கும். g-ஐ எழுதும் முன் மாணவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
நாகர்கோவில்