யூனிட் வேண்டாம், பிராஸ் வேண்டாம், கன மீட்டரில் பில் போடுங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் எம்-சாண்டும் ஜல்லியும் விற்கும் டெப்போக்காரர்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டின் மூன்றாம் கட்டு இடிந்துபோய், அந்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நான்தான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். உங்களிடமிருந்து எட்டு மாதமாக லாரி லாரியாக வாங்குகிறேன். நீங்கள் எப்படி அளக்கிறீர்கள், எப்படி பில் போடுகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நேராகக் கேட்கிறேன்: பில்லில் கன மீட்டர் போடுங்கள். லாரிப் பெட்டியின் உள் நீளம், உள் அகலம், சராசரி உயரம் மூன்றையும் அதே பில்லில் எழுதுங்கள்.

எங்கள் எஸ்டிமேட்டைப் போட்டவர் புனேயில் இருக்கும் என் தம்பியின் நண்பர், இன்ஜினியர். கான்கிரீட் அளவை எல்லாம் கன மீட்டரில் எழுதிவிட்டு, வாங்க வேண்டிய மணலையும் ஜல்லியையும் மட்டும் அந்த ஊர் வழக்கப்படி பிராஸ் கணக்கில் எழுதியிருந்தார். டெப்போவுக்கு போன் செய்து கேட்டேன். "பிராஸ்னா நம்ம யூனிட்தான் ஆச்சி, ரெண்டும் நூறு கன அடி" என்றார் அங்கிருந்தவர். அது சரிதான். ஒரு அடி 0.3048 மீட்டர். அதை மூன்று முறை பெருக்கி நூறால் பெருக்கினால் ஒரு பிராஸ் 2.83 கன மீட்டர். பலர் இதை மூன்று என்று தோராயமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாலு பிராஸுக்கு அது 12 கன மீட்டர் ஆகிவிடும், உண்மையில் 11.33தான். போதாக்குறைக்கு, மகாராஷ்டிரத்தில் தரை வேலைக்கு நூறு சதுர அடியையும் பிராஸ் என்பார்கள். எது பரப்பு, எது கொள்ளளவு என்று கேட்டுத் தெளிந்துகொண்டால்தான் உண்டு.

ஆனால் என் வருத்தம் பெருக்கல் பற்றியது இல்லை. 2.83-ஆல் பெருக்க யாருக்கும் தெரியும். பெருக்குவதற்கு முன்னால் நீங்கள் எழுதும் அந்த "4 யூனிட்"தான் என்னைக் கஷ்டப்படுத்தியது.

மேல்தளத்துக்கும் பீமுக்கும் சேர்த்து 25 கன மீட்டர் கான்கிரீட். ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற கலவைக்கு ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 0.42 கன மீட்டர் மணல் பிடிக்கும். ஆக 10.5 கன மீட்டர் மணல் வேண்டும். நாலு யூனிட் என்றால் 11.33, போதும் போதும் என்று ஒரு லாரி எம்-சாண்ட் சொன்னேன். தளம் போடும் நாள் காலை ஆறு மணிக்கே கலவை மிஷின் வந்துவிட்டது, பதினாறு ஆட்கள். மதியம் மூன்று மணிக்கு மணல் தீர்ந்தது. முக்கால்வாசிதான் முடிந்திருந்தது. டெப்போவுக்கு போன் மேல் போன். வண்டி வர ஆறரை மணியாகும் என்றார்கள். ஈரக் கான்கிரீட் அதுவரை காத்திருக்காது. கொத்தனார் பலகையை நிறுத்தி, நேர் கோடாக வெட்டி நிறுத்தினார். மிச்சத்தை மறுநாள் போட்டோம். பழைய விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சிமென்ட் பால் பூசித்தான் போட்டார்கள். ஆனாலும் ஐப்பசி மழையில் அந்தக் கோட்டின் வழியே தண்ணீர் கசிந்து, கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சொட்டுகிறது. நான் தினமும் அங்கே ஒரு வாளி வைக்கிறேன்.

அன்று மாலை வந்தது அதே வண்டி, அதே "4 யூனிட்" பில். டிரைவர் தம்பி பில்லின் பின்பக்கம் 13.6, 7.2, 3.9 என்று எழுதிப் பெருக்கியிருந்தார். 382 கன அடி வந்திருந்தது. "ரவுண்டா நாலு ஆச்சி" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. டேப்பை எடுத்துக்கொண்டு நானே வண்டியில் ஏறினேன்.

பெட்டியின் உள் நீளம் 13 அடி 6 அங்குலம், உள் அகலம் 7 அடி 2 அங்குலம். சரியாகத்தான் அளந்திருக்கிறார். (சிலர் பலகைக்கு வெளியே அளப்பார்கள். பலகையின் கனமும் மணலாகிவிடும். இவர் அப்படிச் செய்யவில்லை.) பிசகு எங்கே என்றால், 13 அடி 6 அங்குலத்தை 13.6 என்று எழுதியதில். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. 6 அங்குலம் அரை அடி, அதனால் 13.5. 7 அடி 2 அங்குலம் 7.17. 3 அடி 9 அங்குலம் 3.75. சரியாகப் பெருக்கினால் 363 கன அடிதான். புள்ளி வைத்த ஒரே காரணத்தால் 19 கன அடி அதிகமாகிவிட்டது. இது எப்போதும் உங்களுக்கு லாபமும் இல்லை. 3 அடி 10 அங்குலத்தை 3.10 என்று எழுதினால் உங்களுக்குத்தான் நஷ்டம். டேப்பின் ஒரு ஓரத்தில் அங்குலம் இருக்கிறது, மறு ஓரத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது. அந்த ஓரத்தைப் பார்த்து அளந்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

அப்புறம் உயரம். 3 அடி 9 அங்குலம் என்பது நடுவில் கும்பமாக நிற்கும் இடத்தில். ஓரங்களில் மணல் சரிந்து தாழ்ந்திருக்கிறது. மெல்லிய கம்பியை அடித்தகடு தட்டும்வரை ஒன்பது இடத்தில் இறக்கிப் பார்த்தேன். சராசரி 3 அடி 6 அங்குலம். அந்தக் கணக்கில் 339 கன அடி. மீட்டரில் சொன்னால் 4.115 பெருக்கல் 2.184 பெருக்கல் 1.067, அதாவது 9.59 கன மீட்டர். பில்லில் இருந்ததோ 11.33. யூனிட் 5,200 ரூபாய் வீதம் 20,800 கொடுத்தேன். கன மீட்டர் 1,836 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் 2,169 ஆகிவிட்டது. வரும் வழியில் குலுங்கி மணல் கொஞ்சம் அமுங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் எங்கே அளந்தது, ஏற்றும் இடத்திலா இறக்கும் இடத்திலா என்பதையும் பில்லில் எழுதச் சொல்கிறேன்.

இதற்கு மேல் ஈரம். கழுவிய எம்-சாண்ட் நனைந்தே வருகிறது. ஈர மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றித் தண்ணீர்ப் படலம் நின்று துகள்களை விலக்கி வைக்கும். அதனால் மணல் உப்பித் தெரியும். எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நேரான சுவர் உள்ள ஒரு சம்படத்தில் மணலை அமுக்காமல் போட்டு, மட்டம் தட்டி, ஸ்கேலை இறக்கி அளந்தேன். 20 சென்டிமீட்டர். அந்த மணலை வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டு, சம்படத்தில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைப் பாதி பாதியாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திவிட்டேன். முழுக்க மூழ்கிய மணல் காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். இப்போது 16.4. இருபதை 16.4-ஆல் வகுத்தால் 1.22, அதாவது 22 சதவீதம் உப்பல். 9.59 கன மீட்டர் ஈர மணல் கலவைக்கு 7.86 கன மீட்டர்தான். இன்ஜினியர் சொன்னபடி ஈரத்துக்கு ஈடாகக் கலவை அளக்கும் பெட்டிக்குக் கூடுதல் மணல் போட்டுத்தான் கலந்தார்கள். 7.86-ஐ 0.42-ஆல் வகுத்துப் பாருங்கள், 18.7 கன மீட்டர் கான்கிரீட் வரும். 25-இல் முக்கால்வாசி. முந்தைய லோடும் இப்படித்தான் வந்திருக்கும். மூன்று மணிக்கு ஏன் தீர்ந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஜல்லியில் இந்த உப்பல் தொல்லை இல்லை. கற்கள் பெரியவை, ஈரப் படலம் அவற்றை விலக்காது. அங்கே கும்பமும் அங்குலமும் மட்டும்தான் பிரச்சினை. எடை மேடைச் சீட்டு தருகிறோம் என்று ஒருவர் சொன்னார். ஜல்லிக்குச் சரி, ஈர மணலுக்கு அது உதவாது. தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு விற்பதாகிவிடும்.

ஈரத்தை நீங்கள் தடுக்க முடியாது, அதைக் கேட்கவும் இல்லை. உப்பலை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியில் எத்தனை கன மீட்டர் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது விற்பவர். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 11-ஆவது பிரிவில், விலை சொல்வதும் பில் போடுவதும் நியம அளவுகளில்தான் இருக்க வேண்டும் என்கிறது. யூனிட்டும் பிராஸும் நியம அளவுகள் இல்லை. ஜிஎஸ்டி பில்லிலும் கன மீட்டருக்கு `CBM` என்று தனிக் குறியீடு இருக்கிறது. நீங்கள் போடுவது `UNT`. அதற்கு நூறு கன அடி என்று அர்த்தமே இல்லை, வெறும் எண்ணிக்கைதான். என் பில்லைப் பார்த்த ஆடிட்டர் "நாலு என்னது?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வருவது இதனால்தான். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, கடல் கடந்து வட்டிக் கணக்கை அணா பைசா பிசகாமல் எழுதி அனுப்பிய ஊர் இது. எங்கள் ஐயா எழுதிய பேரேடு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. ஒரு வரி கூட அடித்துத் திருத்தியது இல்லை. அந்த ஊரில் ஒரு லாரி மணலுக்குக் கணக்குக் கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க ஆச்சி, நீங்க ஒருத்தருதான் டேப்போட வர்றீங்க" என்கிறார்கள். எல்லாரும் ஏமாறுகிறார்கள் என்பது ஒரு பதிலா? கடன் வாங்கித் தளம் போடுகிறவர் எத்தனை பேர். அவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? மணல் குறைந்தது என்று தெரியாமல், கொத்தனார் திருடினார் என்று சந்தேகப்படுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அன்று மாலை அந்தப் பேச்சு வந்தது. கொத்தனார் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுடன் தகராறு செய்ய எனக்கு விருப்பம் இல்லை. இன்னும் கைப்பிடிச் சுவரும் பூச்சு வேலையும் இருக்கிறது, உங்களிடம்தான் வாங்கப் போகிறேன். ஒவ்வொரு வண்டியின் பெட்டி மீதும் உள் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். ஒரு முறை எழுதினால் போதும், வண்டி ஓடும்வரை இருக்கும். ஏற்றும்போது தலைதட்டி மட்டம் செய்யுங்கள், அல்லது கம்பி விட்டு உயரத்தை நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். மூன்றையும் பெருக்கி வரும் கன மீட்டரைப் பில்லில் எழுதுங்கள். விலையையும் கன மீட்டருக்கு இவ்வளவு என்றே சொல்லுங்கள். யூனிட் என்ற பேச்சு வழக்கை விட முடியாவிட்டால், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அடுத்த வாரம் பூச்சு மணல் 6 கன மீட்டர் வேண்டும். உங்கள் கணக்கில் 2.12 யூனிட். எந்த டெப்போவிலிருந்து கன மீட்டரில் பில் வருகிறதோ அங்கே வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை
காரைக்குடி